தெரிந்திருந்தால் சம்மதித்ததாகுமா?

தம்பி உயர்நிலை மூன்றில் படிக்கிறான். ஜூன் விடுமுறையில் அவனுக்கு மூன்று நாள் முகாம். சென்ற மாதம் ஒரு மாலை, அதற்கான படிவத்தை அப்பாவிடம் நீட்டினான். இரண்டு பக்கம், பொடி எழுத்து. கடைசிப் பத்தியில், நடவடிக்கைகளில் உள்ள அபாயங்களை அறிந்து ஏற்றுக்கொள்வதாகவும், கவனக்குறைவு உட்பட எந்தக் காரணத்தால் காயம் ஏற்பட்டாலும் ஏற்பாட்டாளர்களிடம் எதையும் கோரப் போவதில்லை என்றும் எழுதியிருந்தது. அதற்குக் கீழே கையொப்பமிட ஒரு கோடு.

அப்பா பேனாவை எடுத்தார். ஆனால் கையொப்பமிடவில்லை. என் வலது மணிக்கட்டைப் பார்த்தார்.

தம்பியின் வயதில் நானும் இப்படி ஒரு விடுமுறை முகாமுக்குப் போனேன். தனியார் ஏற்பாட்டாளர் ஒருவர் நடத்திய முகாம் அது. இரண்டாம் நாள் செயற்கைப் பாறைச் சுவர் ஏறும் நடவடிக்கை. இடுப்பில் வார் கட்டி, அதில் கயிற்றை மாட்டி, உச்சிவரை ஏறிவிட்டேன். கயிற்றின் மறுமுனையைக் கீழே பயிற்றுவிப்பாளர் பிடித்திருந்தார். என்னை இறக்கும்போது அவர் பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவரிடம் திரும்பிப் பேசினார். கயிற்றின் பிடி விட்டுப்போனது. கடைசி இரண்டு மீட்டரை நான் விழுந்து கடந்தேன். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தத் தவணைத் தேர்வுகளை எழுத முடியவில்லை.

மருத்துவச் செலவை அப்பாவே கட்டினார். “ஏன் அவர்களிடம் கேட்கவில்லை?” என்று அம்மா கேட்டதற்கு, “நாமதான் கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டோமே. தெரிஞ்சுதானே அனுப்பினோம்” என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

இப்போது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு சட்டம் படிக்கிறேன். அப்பா அன்று சொன்னது, சட்டத்தில் ஒரு பழைய கோட்பாட்டின் சாயல் என்பது எனக்கு இப்போது தெரியும். அது பாதிதான் சரி என்பதும் தெரியும்.

இரண்டு சொற்களுக்கு இடையே

அந்தக் கோட்பாட்டின் பெயர் இலத்தீனில் ‘வொலென்டி நான் ஃபிட் இன்ஜூரியா’. விரும்பி ஏற்றவருக்கு அநீதி இழைக்கப்படுவதில்லை என்று தமிழில் சொல்லலாம். இதன் வேர் ரோமானிய சட்ட அறிஞர் உல்பியனிடம் இருக்கிறது. அவர் எழுதியதை 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுக்கச் செய்த சட்டத் தொகுப்பில் இன்றும் படிக்கலாம். ஆங்கிலேயச் சட்டம் அதை எடுத்துக்கொண்டது. அங்கிருந்து சிங்கப்பூர், மலேசியச் சட்டத்திற்கும் வந்தது.

ஒருவருடைய கவனக்குறைவால் நீங்கள் காயமடைந்து வழக்குத் தொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “இந்த அபாயத்தை இவர் தெரிந்தே விரும்பி ஏற்றார்” என்று எதிர்த்தரப்பு நிரூபித்துவிட்டால் உங்கள் கோரிக்கை முழுவதும் விழுந்துவிடும். ஒரு காசுகூடக் கிடைக்காது. அதனால்தான் இதை முழுமையான தற்காப்பு என்கிறார்கள். நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்குத்தான்.

அவர்கள் காட்ட வேண்டியவை மூன்று. அபாயம் எத்தகையது, எவ்வளவு பெரியது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். எந்த நெருக்கடியும் இல்லாமல் அதைத் தேர்ந்திருக்க வேண்டும். அந்த அபாயத்தால் வரும் இழப்பை நானே சுமக்கிறேன் என்று வாயாலோ நடத்தையாலோ ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

முதலாவதை மட்டும் காட்டிவிட்டு, மற்ற இரண்டும் தாமாகவே வந்துவிட்டதாக நினைப்பதுதான் வழக்கமான தவறு. அப்பாவும் அதைத்தான் செய்தார். தெரிந்திருந்தது, ஆகவே ஒப்புக்கொண்டோம் என்று முடிவு கட்டினார். இந்தத் தவறை ஆங்கில நீதிமன்றம் 1891ஆம் ஆண்டிலேயே திருத்திவிட்டது.

தலைக்கு மேல் கற்கள்

ஸ்மித் என்ற தொழிலாளி, இரயில்பாதைக்காகப் பாறையை வெட்டும் இடத்தில் வேலை பார்த்தார். பாறையில் துளையிடுவது அவர் வேலை. அருகில் ஒரு பாரந்தூக்கி வெட்டிய கற்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. சில நேரங்களில் அந்தக் கற்கள் தொழிலாளர்களின் தலைக்கு மேலாகவே கொண்டுசெல்லப்பட்டன. முன்னெச்சரிக்கையாக யாரும் குரல் கொடுப்பதில்லை.

ஸ்மித்துக்கு இது தெரியும். கல் மேலே வருவதைப் பார்த்தால் விலகிக்கொள்வார். ஆபத்து என்று வேலையிடத்தில் புகாரும் எழுந்திருந்தது. ஒருநாள் அவர் குனிந்து துளையிடுவதில் மூழ்கியிருந்தபோது, தூக்கிச் சென்ற கல் அவர் மேல் விழுந்தது. பலத்த காயம்.

முதலாளியான பேக்கர் தரப்பின் வாதம் எளிமையானது. இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வேலையில் தொடர்ந்தார். ஆகவே அபாயத்தை ஏற்றுக்கொண்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் முதலாளியின் பக்கம் நின்றது. ஸ்மித் அன்றைய உச்ச அமைப்பான பிரபுக்கள் சபைக்குப் போனார். அங்கு பெரும்பான்மை நீதிபதிகள் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள்.

அவர்கள் சொன்னதன் சாரம் இது. அபாயத்தை அறிவது வேறு. அதற்குச் சம்மதிப்பது வேறு. ஒருவர் அபாயம் தெரிந்தும் வேலையைவிட்டுப் போகவில்லை என்பதாலேயே, “கல் விழுந்தால் விழட்டும், நான் எதையும் கேட்க மாட்டேன்” என்று அவர் ஒப்பந்தம் செய்துகொண்டதாக ஆகிவிடாது. துளையிடும் வேலையில் துளையிடுவதற்குரிய அபாயம் உண்டு. அது வேலையோடு சேர்ந்தது. முதலாளி சரியான ஏற்பாடு செய்யாததால் தலைமேல் கல் விழும் அபாயம் அந்த வேலையோடு சேர்ந்ததல்ல.

ஒரு நீதிபதி மட்டும் உடன்படவில்லை. பிரம்வெல் பிரபு இதை ஒரு பேரமாகப் பார்த்தார். வேலையின் ஆபத்தும் தெரியும், கூலியும் தெரியும்; பிடிக்காவிட்டால் போயிருக்கலாமே என்பது அவர் நிலை. வகுப்பில் இதைப் படித்தபோது, பக்கத்தில் இருந்த தோழி மெல்லச் சொன்னாள்: “எங்க கடை மேனேஜர் மாதிரியே பேசுறாருப்பா.” அவள் வார இறுதியில் உணவகச் சமையலறையில் பகுதிநேர வேலை செய்கிறாள். எண்ணெய் படிந்த தரையைப் பற்றிச் சொன்னால், “தெரிஞ்சுதானே சேர்ந்தீங்க?” என்ற பதில் வருமாம். 1891இன் பெரும்பான்மை இருப்பது அவள் பக்கம்.

வீட்டு வாடகையும் குழந்தைகளின் சாப்பாடும் ஒரு கூலியைச் சார்ந்திருக்கும்போது, ‘வேண்டாம் என்றால் போகலாம்’ என்பதை எப்படிச் சுதந்திரமான தேர்வு என்பது? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்ட நீதிமன்றங்கள், முதலாளி தொழிலாளி வழக்குகளில் இந்தத் தற்காப்பை மிக அரிதாகவே ஏற்கின்றன.

ஒரு கார், ஒரு விமானம்

அப்படியானால் இந்தத் தற்காப்பு எப்போதுதான் வெல்லும்? இதைப் புரிந்துகொள்ள இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டிலும் குடித்த ஓட்டுநர். இரண்டிலும் அது தெரிந்தே ஏறிய பயணி. இரண்டிலும் ஓட்டியவர் விபத்தில் இறந்தார். பயணி காயத்தோடு உயிர் பிழைத்தார். ஆனால் தீர்ப்புகள் நேரெதிர்.

முதல் வழக்கு 1939ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ளது. முடிசூட்டு விழாவுக்காக லண்டனில் செய்திருந்த அலங்காரங்களைப் பார்க்க டேன் என்ற பெண்ணையும் அவருடைய தாயாரையும் ஹாமில்டன் என்பவர் காரில் அழைத்துப் போனார். அன்று அவர் குடித்திருந்தார். திரும்பும் வழியில் உடன் வந்த ஒருவர் இறங்கிக்கொண்டார். இந்தக் காரில் தொடர்வதற்கு உங்களுக்குத்தான் துணிச்சல் அதிகம் என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். டேன் இறங்கவில்லை. நடப்பது நடக்கும் என்கிற பாணியில் பதில் சொன்னார். சிறிது நேரத்தில் கார் மோதியது.

வழக்கை விசாரித்த நீதிபதி ஆஸ்குவித், டேனுக்கு இழப்பீடு உண்டு என்றார். ஓட்டுநர் குடித்திருப்பதால் விபத்துக்கு வாய்ப்பு கூடுதல் என்பது டேனுக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு ஓட்டுநர் செய்யப்போகும் ஒவ்வொரு தவற்றுக்கும் அவரை முன்கூட்டியே விடுவித்ததாக அதற்குப் பொருளில்லை. அதே நேரத்தில் நீதிபதி ஒரு கதவைத் திறந்தே வைத்தார். ஓட்டுநரின் போதை மிகக் கண்கூடாக இருந்தால், அவரோடு ஏறுவது வெடிக்காத குண்டைக் கையால் நோண்டுவதற்குச் சமமாகிவிடலாம். அப்போது விடை மாறலாம் என்றார்.

அந்தக் கதவின் வழியாக வந்ததுதான் இரண்டாவது வழக்கு. மோரிஸுக்கு எதிராக மர்ரியின் தரப்பு வென்ற இந்த வழக்கு 1991ஆம் ஆண்டுத் தொகுப்பில் வெளியானது. இரண்டு பேரும் பல மணி நேரம் சேர்ந்து குடித்தார்கள். மர்ரியிடம் சிறிய விமானம் ஓட்டும் உரிமம் இருந்தது. ஒரு சுற்றுப் பறந்து வரலாம் என்று முடிவெடுத்தார்கள். விமானத்தளத்துக்குக் கார் ஓட்டியவர் மோரிஸ். எரிபொருள் நிரப்பவும் இயந்திரத்தைக் கிளப்பவும் உதவியவரும் அவரே. அன்று வானிலை மோசம்; மேகம் தாழ்ந்திருந்தது. காற்றை எதிர்த்து மேலெழும்ப வேண்டிய விமானத்தை, மர்ரி காற்று வீசும் திசையிலேயே கிளப்பினார். சற்று நேரத்தில் விமானம் விழுந்தது. மர்ரி 17 கோப்பை விஸ்கிக்குச் சமமான மதுவைக் குடித்திருந்தார் என்று பிறகு தெரியவந்தது. அவர் உடலில் இருந்த மதுவின் அளவு, கார் ஓட்டுவதற்கான வரம்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

முதலில் விசாரித்த நீதிமன்றம் மோரிஸுக்கு இழப்பீடு அளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை முழுவதும் நீக்கியது. அபாயம் அத்தனை பெரியது, அத்தனை வெளிப்படையானது. அதில் அவர் வேடிக்கை பார்த்தவரல்லர், கை கொடுத்தவர். “நானும் குடித்திருந்தேன், எனக்கு எப்படிப் புரியும்?” என்ற கேள்வியும் எழுந்தது. அவர் காரை ஓட்டி, எரிபொருள் நிரப்பி, எல்லாம் செய்திருக்கிறார். என்ன செய்கிறோம் என்று தெரியாத அளவுக்கு அவருக்குப் போதை ஏறவில்லை என்று நீதிமன்றம் கண்டது.

இந்த இரண்டு வழக்கையும் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. காரில் ஏறிய டேன் விழும் ஆபத்தை அறிந்திருந்தார். விமானத்தில் ஏறிய மோரிஸும் அறிந்திருந்தார். அறிவில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபட்டது, அவர்கள் எதைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டதாக நியாயமாகச் சொல்ல முடியும் என்பதுதான். விபத்து நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்ற நிலையில் ஒருவர் ஏறி அமர்ந்தால், அந்த நடத்தையே சம்மதமாகிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

‘எல்லாம் அல்லது எதுவுமில்லை’ மாறியது

டேனின் வழக்கு நடந்த காலத்தில் நீதிபதிகளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. பயணியின் பக்கமும் கொஞ்சம் தவறு உண்டு என்று கண்டால், இழப்பீட்டைக் குறைத்துக் கொடுக்க அன்று வழியில்லை. ஒன்று முழுத் தொகை, இல்லையேல் ஒன்றுமில்லை. 1945இல் இங்கிலாந்து இதை மாற்றியது. தவற்றின் அளவுக்கேற்ப இழப்பீட்டைக் குறைக்கலாம் என்று சட்டம் வந்தது. சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டுச் சட்டமும் மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் குடிமைச் சட்டமும் இதே வழியைத் திறந்தன. இதைப் பங்களிப்புக் கவனக்குறைவு என்கிறோம்.

ஒரு கணக்கில் பார்ப்போம். உங்கள் இழப்பு 10,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்குத் தவறு 20 விழுக்காடு என்றால் 8,000 வெள்ளி கிடைக்கும். நீங்கள் அபாயத்துக்கே சம்மதித்தவர் என்று முடிவானால் கிடைப்பது பூஜ்யம்.

1977ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள ஓர் ஆங்கில வழக்கு இப்படித்தான் முடிந்தது. இரண்டு நண்பர்கள் மதுக்கூடம் மதுக்கூடமாகச் சென்று குடித்துவிட்டு, காரில் திரும்பும்போது விபத்து. பயணி வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. அவருடைய இழப்பீட்டில் 20 விழுக்காடு மட்டும் குறைக்கப்பட்டது. இந்த நடுவழி வந்த பிறகு, சம்மதம் என்ற கடுமையான தற்காப்பை நீதிமன்றங்கள் தேடிப் போவது குறைந்துவிட்டது. சாலையில் ஓடும் வாகனங்களின் பயணிகள் விஷயத்தில், இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இந்தத் தற்காப்பை நேராகவே மறுக்கிறது. விமானத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மோரிஸ் முழுவதும் தோற்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் எதற்குச் சம்மதித்தேன்?

இதையெல்லாம் படித்தபின் என் மணிக்கட்டுக்குத் திரும்பி வந்தேன்.

சுவர் ஏறினால் பிடி வழுக்கலாம். முட்டி சிராயலாம். கயிற்றில் தொங்கும்போது சுவரில் இடித்துக்கொள்ளலாம். இவை சுவர் ஏறுவதோடு ஒட்டிப் பிறந்தவை. பயிற்றுவிப்பாளர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் எனக்கு இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் நான் யாரையும் குறை சொல்ல முடியாது. அங்கே சம்மதம் என்ற தற்காப்புக்குக்கூட வேலை வராது. யாரும் கவனக்குறைவாக நடக்கவில்லை என்பதால் வழக்கே நிற்காது.

கயிறு பிடிப்பவரின் முதல் பாடம், கயிற்றை நிறுத்தும் கை எந்த நேரத்திலும் கயிற்றைவிட்டு எடுபடக் கூடாது என்பது. அன்று அந்தக் கை எடுபட்டது. நான் சுவரின் உயரத்துக்குச் சம்மதித்தேன். கீழே இருப்பவர் பேச்சில் கயிற்றை மறப்பதற்கு எப்போது சம்மதித்தேன்?

விளையாட்டில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். 1985இல் தீர்ப்பான ஒரு வழக்கைப் பாருங்கள். இங்கிலாந்தில் உள்ளூர் லீக் காற்பந்தாட்டம் ஒன்றில் ஓர் ஆட்டக்காரர் முரட்டுத்தனமாகச் சறுக்கிப் பாய்ந்ததில் எதிரணி ஆட்டக்காரரின் கால் முறிந்தது. பாய்ந்தவரை நடுவர் வெளியேற்றினார். பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்து வென்றார். திடலில் இறங்குபவர் ஆட்டத்தின் வழக்கமான மோதல்களை ஏற்றுக்கொள்கிறார். ஆட்டத்தின் எல்லையைத் தாண்டிய கண்மூடித்தனத்தை அவர் ஏற்பதில்லை. எந்த விதிமீறலும் வழக்காகிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. வேகமான ஆட்டத்தில் ஒரு நொடி தவறிப்போவதை நீதிமன்றங்கள் மன்னிக்கவே செய்கின்றன.

அந்தக் கையொப்பம்

“எல்லாம் சரிம்மா,” என்றார் அப்பா. “ஆனா இங்க எழுதியே வாங்குறாங்களே. கவனக்குறைவுன்னு அவங்களே போட்டிருக்காங்க. கையெழுத்து போட்டபிறகு நான் என்ன பேச முடியும்?”

நியாயமான கேள்வி. ஸ்மித்திடம் யாரும் கையொப்பம் வாங்கவில்லை. டேனும் எதிலும் கையொப்பமிடவில்லை. எழுத்தில் கொடுத்துவிட்டால் சம்மதம் உறுதியாகிவிடாதா?

இங்கேதான் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் வருகிறது. இங்கிலாந்தில் 1977இல் இயற்றப்பட்டது. 1993ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டப் பயன்பாட்டுச் சட்டத்தின் வழியாகச் சிங்கப்பூரிலும் நடப்பில் உள்ளது. அதன் இரண்டாம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் அப்பாவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன.

முதல் உட்பிரிவு, கவனக்குறைவால் ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ தாம் பொறுப்பில்லை என்று ஒப்பந்த வாசகத்தாலோ அறிவிப்புப் பலகையாலோ விலக்கிக்கொள்ள முடியாது என்கிறது. நியாயமான வாசகமா இல்லையா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லை. அத்தகைய வாசகம் செல்லாது. பொருள் சேதம் போன்ற மற்ற இழப்புகளுக்கு மட்டும், வாசகம் நியாயமானதா என்று பார்க்கப்படும்.

மூன்றாம் உட்பிரிவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பொறுப்பை விலக்கும் வாசகத்துக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார், அல்லது அது அவருக்குத் தெரியும் என்பதை மட்டும் வைத்து, அபாயத்தை அவர் விரும்பி ஏற்றார் என்று கொள்ளக் கூடாது என்கிறது அது. முதல் உட்பிரிவு முன்வாசலைப் பூட்டுகிறது. “சரி, வாசகம் செல்லாது, ஆனால் கையொப்பமிட்டதால் இவர் அபாயத்துக்குச் சம்மதித்தவர்தானே?” என்று பின்வாசல் வழியாக வரும் வாதத்தை மூன்றாம் உட்பிரிவு தடுக்கிறது. 1891இல் பாறை வெட்டும் இடத்தில் நீதிபதிகள் பிரித்துக் காட்டிய அதே கோடு, இங்கே சட்டத்தின் வரியாகவே வந்து நிற்கிறது.

இதற்கு எல்லைகளும் உண்டு. இந்த விதிகள் தொழில் முறையில் செயல்படுவோருக்கும் பொது அமைப்புகளுக்கும் பொருந்தும். நான்கு நண்பர்கள் சேர்ந்து புக்கிட் தீமாவுக்கு நடைபோகும் ஏற்பாட்டுக்குப் பொருந்தாது. அதோடு, வாசகம் செல்லாது என்பதால் இழப்பீடு தானாகக் கைக்கு வந்துவிடாது. கவனக்குறைவு நடந்தது, அதனால்தான் காயம் வந்தது என்று கோருபவர் காட்டியாக வேண்டும். நான் விழுந்தபோது பார்த்தவர்கள் யார், சம்பவ அறிக்கை எழுதப்பட்டதா, கயிறும் வாரும் என்ன நிலையில் இருந்தன என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்துகொள்ள முடிந்திருக்கும். நாங்கள் எதையும் கேட்டு வைக்கவில்லை. படிவம் எங்கள் வாயை அடைத்தது சட்டத்தால் அல்ல. அது அடைத்துவிட்டது என்று நாங்கள் நம்பியதால்.

அப்படியென்றால் இந்தப் படிவங்கள் வெறும் காகிதமா என்றால், அதுவும் இல்லை. என்னென்ன நடவடிக்கைகள், என்னென்ன அபாயங்கள் என்று அவை தெரியப்படுத்துகின்றன. ஆஸ்துமா, ஒவ்வாமை போன்ற விவரங்களைக் கேட்டு வாங்குகின்றன. சொல்லப்பட்ட எச்சரிக்கையை மீறி ஒரு மாணவர் தானே காயம் தேடிக்கொண்டால், அவருடைய பங்குத் தவற்றைக் காட்ட அந்தப் படிவமே சான்றாகலாம்.

அப்பா நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப, அன்னைக்கு நான் கேட்டிருக்கலாம்,” என்றார். “கேட்டிருக்கலாம்பா” என்றேன். அவரைக் குற்றம் சொல்லும் தொனி வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். அந்தப் பொடி எழுத்தைப் படித்து, சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர் அவர்.

பிறகு அவர் படிவத்தில் கையொப்பமிட்டார். தம்பி அதை எடுக்கக் கை நீட்டியபோது, “இரு” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார். படிவத்தின் மேலே இருந்த ஏற்பாட்டாளரின் எண்ணை அழைத்தார்.

“என் மகன் உங்க முகாமுக்கு வர்றான்,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். “சுவர் ஏறும்போது ஒரு பயிற்றுவிப்பாளர் எத்தனை கயிறு பிடிப்பார்? அவர் பிடிப்பதை இன்னொருவர் பார்த்துக்கொண்டிருப்பாரா?”

மறுமுனையில் பதில் வர நேரமானது. அப்பா காத்திருந்தார்.